ஒரு பவுல் ஹேர் கலர்: உண்மையான அடக்கத்தைக் கண்டுபிடிக்க எந்த வழி?

ரூட் டச் அப் ஒன்றுக்கு உங்கள் அடக்கம் என்ன என்று பார்லர் நடத்துபவரிடம் கேட்டால், பெரும்பாலும் "ஒரு டியூப்" என்றுதான் பதில் வரும். குளோபல் கலருக்குக் கேட்டால் "ரெண்டு, முடி நிறைய இருந்தா மூணு" என்பார்கள். டெவலப்பர் எவ்வளவு என்று கேட்டால் கொஞ்சம் யோசிப்பார்கள். பவுலில் மிஞ்சி வாஷ் பேசினில் போவது எவ்வளவு என்பதைப் பெரும்பாலும் யாரும் அளந்து பார்த்திருக்க மாட்டார்கள். கலர் வேலை நிறைய நடந்தும் மாத முடிவில் டிஸ்ட்ரிபியூட்டருக்குக் கட்டும் தொகை மட்டும் பெரிதாகத் தெரிவதற்குக் காரணம் இங்கேதான் இருக்கிறது.

பார்லர்கள் கலரின் அடக்கத்தைப் பார்ப்பதற்கு நான்கு வழிகள் உண்டு. டியூப் எண்ணிக் கண்திட்டமாகச் சொல்வது ஒன்று. மாதக் கடைசியில் இருப்பு எண்ணி, ஆன செலவை வேலைகளால் வகுப்பது இன்னொன்று. ஒவ்வொரு வேலைக்கும் இத்தனை கிராம் என்று அட்டை போட்டுவிடுவது மூன்றாவது. ஒவ்வொரு பவுலையும் தராசில் வைப்பது நான்காவது. இந்த நான்கையும் ஒரே பார்லரின் ஒரே மாதத்துக்குப் போட்டுப் பார்த்தால் வித்தியாசம் புரியும்.

மூன்று நாற்காலி உள்ள ஒரு நடுத்தர பார்லரை எடுத்துக்கொள்வோம். எண்கள் கணக்குக்காக வைத்தவை, உங்கள் பில்லில் இருப்பதை வைத்து மாற்றிக்கொள்ளுங்கள். 60 கிராம் கலர் டியூப் வரியோடு 480 ரூபாய், அதாவது கிராம் 8 ரூபாய். டெவலப்பர் 1000 மில்லி பாட்டில் 600 ரூபாய், அதாவது மில்லி 60 பைசா. கலக்கும் விகிதம் 1-க்கு 1.5. மாதத்தில் 40 ரூட் டச் அப், 12 குளோபல். அந்தப் பன்னிரண்டில் ஆறு பேருக்குத் தோள் வரை முடி, ஆறு பேருக்கு நீள முடி.

முதலில் பிடித்துக்கொள்ள வேண்டிய எண் ஒன்றுதான்: கலவையின் ஒரு கிராம் எவ்வளவு? ஒரு கிராம் கலரோடு ஒன்றரை கிராம் டெவலப்பர் சேர்ந்தால் இரண்டரை கிராம் கலவை. அதன் விலை 8 ரூபாயும் 90 பைசாவும் சேர்த்து 8.90. இரண்டரையால் வகுத்தால் கிராம் 3 ரூபாய் 56 பைசா. (டெவலப்பரில் மில்லியும் கிராமும் ஏறக்குறைய ஒன்றுதான், பார்லர் கணக்குக்கு அந்த வித்தியாசம் பெரிதில்லை.) டியூப்பை மறந்துவிட்டு இந்த 3.56-ஐ மனதில் வைத்துக்கொண்டால் மீதிக் கணக்கு எல்லாம் எளிதாகிவிடும்.

டியூப் எண்ணுவது

இது இருப்பதிலேயே சுலபமான வழி, ஏமாற்றுவதும் இதுதான். ஒரு டியூப் என்று சொல்லும்போது 480 ரூபாய் என்று மனதில் விழுகிறது. ரூட் டச் அப்புக்கு முழு டியூப்பும் வேண்டியதில்லை, 40 முதல் 50 கிராம் கலரில் முடிந்துவிடும். அதனால் அந்த வேலை உள்ளதை விடச் செலவானதாகத் தெரிகிறது. மறுபுறம் இடுப்புக்குக் கீழ் தொங்கும் அடர்த்தியான முடிக்கு "மூணு டியூப்" என்று சொல்லிவிட்டு நான்காவதை உடைக்கும்போது யாரும் எழுதி வைப்பதில்லை. ஒரு பக்கம் கூட, இன்னொரு பக்கம் குறைய. இரண்டும் சேர்ந்து ஏறக்குறைய சரியாக வருவதுபோல் தோன்றும், அதுதான் ஆபத்து. எந்த வேலை காசு தருகிறது, எது தின்கிறது என்பது இந்த வழியில் என்றைக்கும் தெரியாது.

இதில் வரி விஷயமும் ஒன்று ஒளிந்திருக்கிறது. 2025 செப்டம்பர் 22 முதல் சலூன், பார்லர் சேவைக்கான ஜிஎஸ்டி 18 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்தது. ஆனால் அதோடு உள்ளீட்டு வரி வரவும் போய்விட்டது. அதற்கு முன்பெல்லாம், பதிவு பெற்ற பார்லர் டியூப்பில் கட்டிய வரியைத் திரும்ப எடுத்துக்கொள்ள முடிந்தது, எனவே அடக்கத்தை வரி இல்லாமல் போட்டது சரிதான். இப்போது அந்த வரி முழுக்க உங்கள் செலவு. 480 ரூபாய் டியூப்பில் வரி 18 சதவீதம் என்றால் வரி நீங்கலான விலை சுமார் 407. பழைய பழக்கத்தில் இன்னும் 407 என்றே கணக்குப் போடும் பார்லரில் ஒவ்வொரு டியூப்பிலும் 73 ரூபாய் கணக்குக்கு வெளியே நிற்கிறது. மாதம் 56 டியூப் போனால் 4,000 ரூபாய்க்கு மேல். பதிவே இல்லாத சிறிய பார்லருக்கு இது எப்போதும் செலவாகத்தான் இருந்தது. யாராக இருந்தாலும் இப்போது பில்லின் மொத்தத் தொகையை, வரியோடு சேர்த்து, எடுங்கள்.

மாத இருப்பு எண்ணுவது

கணக்காளர்களுக்குப் பிடித்த வழி. மாத ஆரம்ப இருப்போடு கொள்முதலைக் கூட்டி, மாதக் கடைசி இருப்பைக் கழித்தால் ஆன செலவு வரும். நம் பார்லரில் கலரும் டெவலப்பரும் சேர்த்து ஆரம்ப இருப்பு 21,000, கொள்முதல் 30,000, கடைசி இருப்பு 17,600. ஆனது 33,400 ரூபாய். 52 வேலைகளால் வகுத்தால் ஒரு வேலைக்கு சுமார் 642.

இந்த 33,400 என்ற எண் மிகவும் மதிப்புள்ளது. இதில் எதுவும் தப்பாது. கொட்டியது, காய்ந்தது, எழுத மறந்தது, யாராவது வீட்டுக்கு எடுத்துப் போனது எல்லாமே இதற்குள் வந்துவிடும். ஒரே நிபந்தனை, பாதி டியூப்புகளை "அரை" என்று குத்துமதிப்பாக எழுதாமல் நிறுத்து எழுத வேண்டும். முழு டியூப்பின் எடையையும் வெறும் டியூப்பின் எடையையும் ஒரு தடவை குறித்து வைத்தால் போதும், பாதி டியூப்பில் என்ன இருக்கிறது என்று தராசே சொல்லிவிடும்.

ஆனால் 642 என்ற சராசரி ஒன்றுக்கும் உதவாது. ரூட் டச் அப்புக்கும் நீள முடி குளோபலுக்கும் ஒரே எண் எப்படிப் பொருந்தும்? இந்த எண்ணை நம்பி ரூட் டச் அப் விலையை ஏற்றினால், மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை தவறாமல் வரும் வாடிக்கையாளர் போய்விடுவார். நீள முடிக்காரரின் விலையோ அப்படியே நிற்கும். எவ்வளவு போனது என்பதை இருப்புக் கணக்கு சரியாகச் சொல்லும், எங்கே போனது என்பதற்கு அதில் பதில் இல்லை.

அட்டை போட்டு வைப்பது

ரூட் டச் அப்புக்கு 40 கிராம் கலர், தோள் வரை 80, நீளத்துக்கு 160 என்று சுவரில் ஒட்டி, அதன்படி கலக்கச் சொல்வது. பெரிய சங்கிலி சலூன்களில் பயிற்சியோடு சேர்ந்து வரும் பழக்கம் இது. புதிதாக வரும் பெண்ணுக்கும் இது நல்ல பிடிமானம். அடக்கத்தைக் காகிதத்திலேயே போட்டுவிடலாம் என்பதும் வசதி.

குறை என்னவென்றால், அட்டையில் இருப்பதைத்தான் கலக்குகிறார்கள் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை. டியூப்பைப் பிதுக்கும்போது 40 கிராம் என்பது கண்ணுக்குத் தெரியாது. அதைவிட முக்கியம் டெவலப்பர். அளவுக் குடுவை கழுவப்படாமல் கிடக்கும், அதனால் பாட்டிலைச் சாய்த்துக் கண் அளவில் ஊற்றுவார்கள். கலவை கெட்டியாக இருந்தால் பிரஷில் நன்றாக நிற்கிறது, வழியவில்லை என்று கைக்கு ஒரு திருப்தி. மெதுவாக 1-க்கு 1.5 என்பது 1-க்கு 1 ஆகிவிடும். அப்போது கலவையின் ஒரு கிராம் 3.56 இல்லை, 4 ரூபாய் 30 பைசா. 120 கிராம் கலவை உள்ள ஒரு பவுல் 427 ரூபாய்க்குப் பதில் 516 ரூபாய். ஒரு பவுலுக்கு 89 ரூபாய் கூடுதல், நிறமும் கம்பெனி சொன்னபடி வராது.

இது நடக்கிறதா என்று கண்டுபிடிக்க ஒரு நல்ல வழி இருக்கிறது. மாதத்தில் காலியான கலர் டியூப்பையும் டெவலப்பர் பாட்டிலையும் எண்ணுங்கள். 1-க்கு 1.5 விகிதத்தில் 1000 மில்லி டெவலப்பருக்கு சுமார் 667 கிராம் கலர் போக வேண்டும், அதாவது 60 கிராம் டியூப் பதினொன்று. ஒரு பாட்டிலுக்குப் பதினாறு, பதினேழு டியூப் காலியாகியிருந்தால் உங்கள் பார்லரில் 1-க்கு 1-தான் கலக்குகிறார்கள். யாரையும் கேட்க வேண்டியதில்லை. ப்ளீச்சுக்குப் போகும் டெவலப்பரை மட்டும் தனிப் பாட்டிலில் வைத்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் இந்தக் கணக்கு குழம்பிவிடும். 1-க்கு 1 என்றே கம்பெனி சொல்லியிருக்கும் கலரும் உண்டு, அதைத் தனியாக எண்ண வேண்டும். டியூப் விலை ஒன்றாக இருந்தாலும் அதன் பவுல் அடக்கம் கூடுதல்தான்.

பவுலைத் தராசில் வைப்பது

ஒரு கிராம் வரை காட்டும் சமையலறைத் தராசு போதும், சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். ப்ளூடூத் தராசோடு இணைந்து ஒவ்வொரு பவுலையும் பதிவு செய்யும் விஷ், சேலன்ஸ்கேல் போன்ற மென்பொருள்களும் இருக்கின்றன. நாளைக்கு இருபது கலர் போகும் இடத்துக்கு அவற்றை யோசிக்கலாம். நாளைக்கு இரண்டு போகும் பார்லருக்கு ஒரு நோட்டும் பேனாவும் அதே வேலையைச் செய்யும்.

செய்முறை இப்படி. ஒவ்வொரு பவுலையும் அதற்கான பிரஷோடு சேர்த்து வெறுமையாக நிறுத்து, எடையை பவுலின் அடியில் அழியாத மார்க்கரில் எழுதிவிடுங்கள். 112 என்று வைத்துக்கொள்வோம். கலக்கும்போது பவுலையும் பிரஷையும் தராசில் வைத்து பூஜ்யமாக்கிக் கலரைப் பிதுக்கவும், 48 காட்டினால் நோட்டில் 48. அப்படியே வைத்து டெவலப்பரை ஊற்றவும், 120 வந்ததும் நிறுத்தவும். விகிதம் தானாகவே சரியாக அமைந்துவிடும், அளவுக் குடுவை தேடும் வேலையும் இல்லை. தலையில் போட்டு முடித்ததும், பவுலைக் கழுவப் போவதற்கு முன், பிரஷோடு மறுபடி தராசில். இந்தத் தடவை பூஜ்யமாக்காமல் நேரே வைக்க வேண்டும். 137 காட்டினால் 112-ஐக் கழித்து மீதி 25 கிராம். அதையும் எழுதவும். எல்லாம் சேர்த்து ஒரு நிமிஷம் ஆகும். தராசின் மேல் ஒரு மெல்லிய பாலித்தீன் உறை போட்டுவிடுங்கள், டெவலப்பர் தெறித்தால் பொத்தான்கள் சீக்கிரம் போய்விடும்.

இங்கே பலர் ஒரு இடத்தில் தவறுகிறார்கள். மிச்சமான 25 கிராமைச் செலவிலிருந்து கழித்துவிட்டு, "95 கிராம்தான் ஆச்சு" என்று அடக்கம் போடுகிறார்கள். டெவலப்பர் பட்ட நிமிஷத்திலிருந்து கலவை ஆக்ஸிஜனேற்றம் ஆகத் தொடங்கிவிடுகிறது, அடுத்தவருக்கு எடுத்து வைக்க முடியாது. எனவே அந்த வேலையின் அடக்கம் கலந்த 120 கிராமும்தான், 427 ரூபாய். மீதியை எழுதுவது அடக்கத்தைக் குறைப்பதற்காக இல்லை, அடுத்த தடவை அவருக்கு எவ்வளவு கலக்க வேண்டும் என்று தெரிவதற்காக. 25 கிராம் கலவை 89 ரூபாய். நாற்பது ரூட் டச் அப்பிலும் இப்படி மிஞ்சினால் மாதம் 3,560 ரூபாய் பேசினில் போகிறது. மிச்சமே இல்லாமல் கலக்க முயல்வதும் ஆபத்துதான். பாதித் தலையில் தீர்ந்துபோனால் இரண்டாவது பவுலைக் கலக்கும்வரை முதலில் போட்ட இடம் நேரத்தில் முந்திவிடும், நரை மறைப்பதில் அது பளிச்சென்று தெரியும். 8, 10 கிராம் மிச்சம் நல்ல அளவு.

இந்த வழியின் உண்மையான பிரச்சினை மனிதர்கள்தான். வேலை செய்யும் பெண்களுக்கு இது தங்களைச் சந்தேகப்படுவதாகத் தோன்றும். "எங்க மேல நம்பிக்கை இல்லையாக்கா?" என்று நேரிலேயே கேட்பார்கள், அல்லது கேட்காமல் மனதில் வைத்துக்கொள்வார்கள். நோட்டில் வேலை செய்தவர் பெயர் போட வேண்டாம், வாடிக்கையாளர் பெயரை மட்டும் போடுங்கள். "அவங்களுக்குப் போன தடவை 120 கலந்தோம், 25 மிஞ்சுச்சு, இந்தத் தடவை 105 போதும்" என்று நோட்டு அவர்களுக்கே உதவ ஆரம்பித்ததும் அந்த முகச்சுளிப்பு குறைந்துவிடும். ஆள் மாறினாலும் அதே வாடிக்கையாளருக்கு அதே நிறம், அதே அளவு கிடைக்கும் என்பது நோட்டின் இன்னொரு லாபம். அப்புறம், சனிக்கிழமை மாலைகளில் எழுதாமல் விடுவார்கள். எழுதாத பவுல்களும் பெரும்பாலும் இரண்டாவது பவுல்களாகத்தான் இருக்கும், அதாவது முதல் கலவை போதாமல் அவசரமாகக் கலந்தவை.

இரண்டு எண்களுக்கும் நடுவே

நம் பார்லர் ஒரு மாதம் நோட்டுப் போட்டது என்று வைத்துக்கொள்வோம். ரூட் டச் அப்புக்கு சராசரி 120 கிராம் கலவை, 427 ரூபாய். தோள் வரை முடிக்கு 200 கிராம், 712 ரூபாய். நீள முடிக்கு 400 கிராம், 1,424 ரூபாய். நாற்பது, ஆறு, ஆறு என்று பெருக்கிக் கூட்டினால் 29,904. கிராமில் பார்த்தால் 3,360 கிராம் கலர், சரியாக 56 டியூப்.

இருப்புக் கணக்கு சொன்னது 33,400. நடுவில் 3,496 ரூபாய் காணோம். ஏழு டியூப்பின் விலைக்கும் மேல். தராசு மட்டும் வைத்திருக்கும் பார்லருக்கு இந்தத் தொகை தெரியவே தெரியாது, இருப்பு மட்டும் எண்ணும் பார்லருக்கு இது தனியாகப் பிரியாது. இரண்டையும் பக்கத்தில் வைத்தால்தான் கண்ணுக்குத் தெரியும்.

இதைப் பார்த்தவுடன் திருட்டு என்று முடிவு கட்டிவிட வேண்டாம். முதலில் குப்பைக் கூடையிலிருந்து ஒரு காலி டியூப்பை எடுத்துக் கத்தரியால் வெட்டிப் பாருங்கள். கையால் பிதுக்கிய டியூப்பில் கழுத்தோரமும் மடிப்பிலும் இரண்டு கிராம் நிற்பது சாதாரணம். 56 டியூப்புக்கு 112 கிராம், சுமார் 900 ரூபாய். டியூப்பைச் சுருட்டிப் பிழியும் சாவி ஒன்றை வாங்கினால் இதில் பெரும்பகுதி நின்றுவிடும். அடுத்து எழுதாமல் விட்ட இரண்டாவது பவுல்கள். அப்புறம் நிறம் பிடிக்காமல் நான்கு நாள் கழித்து வந்தவருக்கு இலவசமாகத் திரும்பப் போட்டது. அது பில்லில் வராததால் வேலைகளின் எண்ணிக்கையிலும் வராது, நோட்டிலும் வராது, ஆனால் டியூப் போயிருக்கும். மூடி சரியாக மூடாமல் வாயில் காய்ந்து கறுத்த பாதி டியூப், ஊழியர்கள் தங்கள் தலைக்கோ தோழி தலைக்கோ போட்டுக்கொண்டது எல்லாம் இதற்குள் அடக்கம். ஊழியர் பயன்பாட்டுக்கு மாதம் இத்தனை என்று நீங்களே கொடுத்து அதையும் நோட்டில் எழுதச் சொல்லிவிட்டால் ஒளிவுமறைவு இல்லாமல் போகும்.

இந்த இடைவெளியைக் குறைக்கலாம், பூஜ்யமாக்க முடியாது. ஆகவே அதையும் அடக்கத்தில் ஏற்ற வேண்டும். 29,904-க்கு 3,496 என்பது கிட்டத்தட்ட 11.7 சதவீதம். ஒவ்வொரு வேலையின் மேலும் அதைப் போட்டால் ரூட் டச் அப் 477, தோள் வரை 795, நீள முடி 1,590 ரூபாய் ஆகிறது. இவைதான் உண்மையான அடக்கம். கையுறை, நெற்றியோரம் தடவும் க்ரீம், கழுவும் ஷாம்பு, கண்டிஷனர், துண்டு துவைக்கும் செலவு இவற்றுக்கு ரூட் டச் அப்பில் 50, தோள் வரை 75, நீளத்துக்கு 100 என்று சேர்த்துக்கொள்வோம்.

இப்போது விலைப் பட்டியலை எடுங்கள். ரூட் டச் அப் 1,200, குளோபல் எல்லா நீளத்துக்கும் 3,000 என்று இருக்கிறது. வாடகை, சம்பளம், மின்சாரம் எல்லாம் சேர்த்து மாதம் 1,30,000 என்றால், மூன்று நாற்காலி, 26 நாள், நாளைக்கு ஆறு மணி நேரம் உண்மையில் வேலை நடக்கிறது என்ற கணக்கில் நாற்காலி ஒரு மணி நேரத்துக்குக் கிட்டத்தட்ட 280 ரூபாய் சம்பாதித்தால்தான் செலவுக்குச் சரியாகும். தோள் வரை முடிக்காரரிடம் பொருட்செலவு போக 2,130 நிற்கிறது, இரண்டு மணி நேரத்தில். அருமையான வேலை. ரூட் டச் அப்பில் 673 நிற்கிறது, ஒன்றரை மணி நேரத்தில். மணிக்கு சுமார் 450, பரவாயில்லை. நீள முடியில் 1,310 நிற்கிறது, மூன்று மணி நேரத்தில். மணிக்கு 437, இதுவும் தாங்கும்.

இப்போது தீபாவளிக்கு 20 சதவீதத் தள்ளுபடி என்று வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் போடுகிறீர்கள். 3,000 என்பது 2,400 ஆகிறது. டியூப்புக்குத் தள்ளுபடி கிடையாது, போகும் 600 ரூபாயும் நிற்கும் தொகையிலிருந்துதான் போகும். நீள முடியில் நிற்பது 710 ரூபாய், மணிக்கு 237. நாற்காலியின் செலவுக்கே காணாது. பார்லர் நிறைந்து வழியும் அந்த வாரத்தில், ஒவ்வொரு நீள முடியும் 130 ரூபாய் நஷ்டத்தில் எழுந்து போகிறது. பட்டியல் விலை வரியோடு சேர்ந்தது என்றால் இன்னும் மோசம், 2,400-ஐ 1.05-ஆல் வகுத்து வரும் 2,286-தான் உங்கள் கைக்கு வருவது.

"நீளம்" என்ற ஒரே பெயருக்குள் இன்னொன்றும் இருக்கிறது. 400 என்பது சராசரி. நோட்டைப் புரட்டினால் இடுப்பைத் தாண்டும் கனமான முடிக்கு 600 கிராம் கலந்திருப்பது தெரியும், அதாவது நான்கு டியூப். அடக்கம் 2,386, மற்றச் செலவோடு 2,486. தள்ளுபடியே இல்லாமல் 3,000 வாங்கினாலும் மூன்றரை மணி நேரத்துக்கு நிற்பது 514 ரூபாய். 2,400-க்குச் செய்தால் பொருளுக்கே கைக்காசு 86 ரூபாய் போட வேண்டும். நம் ஊரில் அந்த நீளத்து முடி அபூர்வம் இல்லை. டியூப் எண்ணும் வழியும், மாதச் சராசரியும், மூன்று வரி அட்டையும் இந்த ஒருவரைக் காட்டாது. நோட்டு மட்டுமே காட்டும்.

எதை எடுப்பது

என் கருத்தில், நாளைக்கு ஒன்று முதல் நான்கு கலர் வரை போகும் பார்லர் முதல் இரண்டு மாதம் ஒவ்வொரு பவுலையும் நிறுக்க வேண்டும், அதே மாதங்களில் இருப்பும் எண்ண வேண்டும். அதற்குப் பிறகு ரூட் டச் அப்புக்கு நிறுப்பதைத் தளர்த்தலாம். அது வாராவாரம் திரும்பத் திரும்ப வரும் வேலை, ஒவ்வொரு வாடிக்கையாளரின் அளவும் நோட்டில் வந்துவிட்டிருக்கும், அதையே அட்டையாக எடுத்துக்கொள்ளலாம். கலக்கும்போது மட்டும் தராசு இருக்கட்டும், விகிதத்துக்காக. மீதியை நிறுக்கத் தேவையில்லை. குளோபலுக்கும் ஹைலைட்ஸுக்கும் தராசை எப்போதும் விடக் கூடாது, தலைக்குத் தலை வித்தியாசம் அங்கேதான் பெரிது. மாத இருப்பு எண்ணுவது என்றைக்கும் தொடர வேண்டும், தராசு சொல்வது உண்மையா என்று பார்ப்பதற்கு.

மாதத்துக்கு ஐந்தாறு கலர்தான் வருகிறது, முக்கிய வேலை த்ரெடிங்கும் ஃபேஷியலும்தான் என்றால் இவ்வளவும் வேண்டியதில்லை. அங்கே நஷ்டம் பவுலில் இல்லை, அலமாரியில் இருக்கிறது. திட்டத்தில் இலவசம் தருகிறார்கள் என்று வாங்கி அடுக்கிய, யாரும் கேட்காத சிவப்பு, காப்பர் ஷேடுகள் காலாவதியாகும். ஓடும் ஷேடு மூன்று நான்கை மட்டும் வைத்துக்கொண்டு, மற்றதை வாடிக்கையாளர் முன்பதிவு செய்த பிறகு வாங்குவது அங்கே தராசை விட அதிகம் மிச்சம் பிடிக்கும்.

விலைப் பட்டியலை மாற்றும்போது கிராம் கணக்கில் பில் போடலாமா என்று சிலர் கேட்பார்கள். உழைப்புக்கு இவ்வளவு, கலர் கிராமுக்கு இவ்வளவு என்று பிரிப்பது நியாயமான முறைதான். ஆனால் தலையில் போட்ட பிறகு தொகை ஏறுவதை நம் வாடிக்கையாளர்கள் விரும்ப மாட்டார்கள். அதைவிட, உட்காரும் முன்பே பின்னலை அவிழ்த்துக் கையால் பிடித்து அடர்த்தியைப் பார்த்து, நோட்டில் இருக்கும் அவரைப் போன்ற தலைகளின் கிராமை வைத்து விலை சொல்லிவிடுவது நல்லது. குளோபல் 3,000 என்பது 80 கிராம் கலர் வரை, அதற்கு மேல் ஒவ்வொரு 40 கிராமுக்கும் இவ்வளவு என்று பட்டியலிலேயே எழுதிவிடலாம். 40 கிராம் கலரும் அதற்கான 60 மில்லி டெவலப்பரும் இடைவெளிச் சதவீதத்தோடு சேர்த்துக் கிட்டத்தட்ட 400 ரூபாய் ஆகிறது. கூடுதல் நேரத்துக்குமாகச் சேர்த்து 600 என்று வைத்தால், 600 கிராம் கலவை வேண்டியவருக்கு விலை 5,400 ஆகும். அதிகம் என்று அவர் நினைத்தால் காதுக்குக் கீழ் பாதி நீளத்துக்கு மட்டும் போடலாமா, அல்லது ரூட் டச் அப்போடு நிறுத்தலாமா என்று பேச இடம் இருக்கும். தள்ளுபடி தருவதென்றால் அந்த 3,000-க்கு மட்டும் தாருங்கள், கூடுதல் கிராமுக்கு வேண்டாம்.

டிஸ்ட்ரிபியூட்டர் விலை ஏற்றும்போது நோட்டைத் திரும்பப் போட வேண்டியதில்லை. கிராம்கள் அப்படியே இருக்கும், ரூபாய் மட்டும்தான் மாறும். டியூப் 480-இலிருந்து 528 ஆனால் கலர் கிராம் 8.80, கலவை கிராம் 3.88. ரூட் டச் அப் பவுலில் 38 ரூபாய் ஏறும், 400 கிராம் பவுலில் 128 ரூபாய். புதுப் பில் வந்த அன்றே இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். பெரும்பாலும் ரூட் டச் அப்பின் விலையைத் தொடாமல் கூடுதல் கிராம் விலையை மட்டும் ஏற்றினாலே சரியாகிவிடும்.